பத்து நோயாளிகளை இருபது பேராக எண்ணலாமா?

ஒரே நபர்களிடம் சிகிச்சைக்கு முன்பும், மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் அளவீடு எடுத்துவிட்டு, அவற்றை மூன்று தனித்தனிக் குழுக்களைப் போல ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வில், அதாவது ஒன்-வே அனோவாவில், இடும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் இன்னும் காணப்படுகிறது. இதைச் சிறு நடைமுறைக் குறையாகக் கருதிக் கடந்துவிட முடியாது. ஆய்வின் முடிவையே இது மாற்றிவிடும் என்பதற்குப் புகழ்பெற்ற பழைய தரவு ஒன்றே சான்று.

குஷ்னியும் பீபிள்சும் 1905-இல் வெளியிட்ட உறக்க மருந்துத் தரவை, 'ஸ்டூடன்ட்' என்னும் புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட் 1908-இல் தம் கட்டுரையில் எடுத்தாண்டார். நோயாளிகள் பத்துப் பேர். ஒவ்வொருவரும் இரண்டு மருந்துகளையும் உட்கொண்டனர். கூடுதலாகக் கிடைத்த உறக்கத்தின் சராசரி முதல் மருந்தில் 0.75 மணி, இரண்டாவதில் 2.33 மணி. ஆர் மென்பொருளில் `sleep` என்ற பெயரில் இத்தரவு இன்றும் உள்ளது.

இதை ஒருவழிப் பகுப்பாய்வில் இட்டால், இருபது அளவீடுகளும் இருபது வெவ்வேறு மனிதர்களுடையவை என்றாகிவிடும். பிழையின் வர்க்கக் கூட்டல் 64.89; கட்டின்மைக் கூறுகள் 18; F = 3.46, p = 0.079. மருந்துகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதி முடித்துவிடுவோம்.

ஆனால் அந்த 64.89 எதனால் ஆனது? ஏழாம் நோயாளி முதல் மருந்தில் 3.7 மணியும் இரண்டாவதில் 5.5 மணியும் கூடுதலாக உறங்கினார். இரண்டாம் நோயாளிக்கோ முறையே −1.6, 0.8. எந்த மருந்தாயினும் சிலருக்கு உறக்கம் மிகுதி, சிலருக்குக் குறைவு. ஆளுக்கு ஆள் நிலவும் இந்த வேறுபாடு மட்டுமே 58.08. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக நிற்கும் ஆய்வில் இதைப் பிழையின் கணக்கில் சேர்ப்பது முறையன்று. இதை நீக்கினால் எஞ்சுவது 6.81 மட்டுமே, கட்டின்மைக் கூறுகள் 9. இப்போது F = 16.50, p = 0.0028. எண்கள் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது.

```
summary(aov(extra ~ group, data = sleep))
summary(aov(extra ~ group + Error(ID), data = sleep))
```

அப்படியானால் ஒருவழிப் பகுப்பாய்வு மிகையான எச்சரிக்கை மட்டுமே, தீங்கில்லாதது என்று ஆறுதல் கொள்ள வேண்டா. ஐவர் கொண்ட இரு குழுக்களை எடுத்து, ஒவ்வொருவரையும் நான்கு முறை அளந்து, நாற்பது மதிப்புகளையும் கலந்து குழுக்களை ஒப்பிட்டால் கேடு எதிர்த்திசையில் நேரும். அங்கே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே உரிய பிழை. அதன் கட்டின்மைக் கூறுகள் 8. நாம் எடுத்துக்கொள்வதோ 38. இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றிவிடும்.

மாற்றாக வரும் மீள் அளவீட்டு அனோவாவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அளவீடுகள் மூன்றோ அதற்கு மேலோ இருப்பின், எந்த இரு அளவீடுகளின் வித்தியாசத்தை எடுத்தாலும் அதன் மாறுபாடு சமமாக இருக்க வேண்டும். இதுவே ஸ்பெரிசிட்டி. அடுத்தடுத்த மாதங்களின் அளவுகள் நெருங்கியும், தொலைவான மாதங்களின் அளவுகள் விலகியும் இருப்பது இயல்பு. ஆகவே இந்நிபந்தனை எளிதில் முறியும். மௌக்லி சோதனையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் பயன் குறைவு, சிறு மாதிரிகளில் அது இம்மீறலைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. கிரீன்ஹவுஸ்–கைஸர் திருத்தத்தை எப்போதும் இடுவதே என் பரிந்துரை. அது இரு கட்டின்மைக் கூறுகளையும் ஒரே எண்ணால் பெருக்கிக் குறைக்கிறது. நான்கு அளவீடுகளில் அந்த எண் 1-க்கும் 1/3-க்கும் இடையில் அமையும்.

ஒருவர் ஒரு மாதம் வராமற்போனால், வழக்கமான மீள் அளவீட்டு அனோவா அவரை முழுமையாக விலக்கிவிடும். கலப்பு மாதிரி, அதாவது மிக்ஸ்டு மாடல், அவரிடம் கிடைத்த அளவுகளைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் `(1|ID)` என்று மட்டும் எழுதினால், எல்லா மாதங்களுக்கும் இடையே ஒரே அளவு தொடர்பு உண்டு என்ற எடுகோள் உள்ளே நுழைந்துவிடும். மேலும், நோய் முற்றியதாலேயே ஒருவர் வரவில்லை என்றால், அந்நிலையைக் காட்டும் அளவும் நம் கையில் இல்லை என்றால், இம்முறையும் வழிதவறும்.

ஆய்வேட்டை மதிப்பிடுவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி p-மதிப்பைப் பற்றியதன்று. பிழையின் கட்டின்மைக் கூறுகள் எத்தனை என்பதே. ஆட்கள் பத்து, அளவீடுகள் இரண்டு எனில் விடை (10−1)×(2−1) = 9. அட்டவணையில் 18 இருந்தால் ஆட்களை மறந்துவிட்டார்கள். 17 இருந்தால், நோயாளி எண்ணை அடையாளமாகக் கொள்ளாமல் வெறும் எண்ணாகவே மென்பொருளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒற்றை எண்ணைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பத்து நோயாளிகளின் ஒத்துழைப்பு வீணாகாமல் இருக்க அந்த ஒரு நிமிடத்தை நாம் தரத்தான் வேண்டும்.