பரமபதத்துக்கு இன்னும் மூன்று கட்டம்

வைகுண்ட ஏகாதசிக்கு நவதிருப்பதிகளில் சொர்க்கவாசல் திறப்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஸ்ரீவைகுண்டத்துக் கூட்டம், ஆழ்வார்திருநகரி போகும் பேருந்துகளின் நெரிசல் என்று குறிப்பெல்லாம் தயார். அதற்குள், கண் விழிக்கும் ராத்திரிக்காக டவுனில் வாங்கிய பரமபத அட்டையைப் பிரித்துத் தொலைத்தேன். உள்ளே பிளாஸ்டிக் பகடை! ஆறு முகக் கனசதுரம். சொர்க்கவாசலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்.

என் தாயக்கட்டைப் புலம்பலை ஏற்கெனவே படித்தவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளவும். “எதை உருட்டுனா என்ன அண்ணாச்சி, நம்பர்தான விழணும்?” என்றார் கடைக்காரர். எந்த நம்பர், எத்தனை தடவைக்கு ஒருமுறை என்பதில்தானே ஆட்டமே இருக்கிறது.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் முகம். சேர்ந்து விழும் விதம் 16. அதில் தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு, அதுவும் 1. தாயம் போட்டுத்தான் காய் இறங்க வேண்டும் என்றால் சராசரி 8 உருட்டல். ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு என்பதால் முறைக் கணக்கில் அது 6 முறைதான். பகடையிலும் ஒன்று விழ 6 முறை. இதுவரை கடைக்காரர் கட்சி ஜெயிக்கிறது.

உச்சிக்குப் போனால் தோற்கிறது. சரியான எண் விழுந்தால்தான் பரமபதம், கூடுதலாக விழுந்தால் காய் நகராது என்பது விதி. பகடையில் ஒரு கட்டம் மிச்சமானாலும் ஆறு கட்டம் மிச்சமானாலும் காத்திருப்பு ஒன்றுதான்: சராசரி 6 உருட்டல். கட்டையில் அப்படியில்லை. ஒரு கட்டம் மிச்சமிருந்தால் 8 உருட்டல், இரண்டுக்கு 6.4, மூன்றுக்கு 5.9. பரமபதத்துக்குப் பக்கத்தில் நிற்பவரைவிட இரண்டு கட்டம் பின்னால் நிற்பவர்தான் சீக்கிரம் சேருகிறார்! மூன்று விழ 16இல் 4 வழி, தாயத்துக்கு இரண்டே வழி என்பதுதான் காரணம்.

விதியை லேசாகத் திருப்பிப் பாருங்கள். விழுந்த எண்ணை ‘வேண்டாம்’ என்று விட்டுவிடலாம் என்றால், மூன்று கட்டத்தில் நிற்பவர் ஒன்றையும் இரண்டையும் ஒதுக்கி மூன்றுக்கே காத்திருப்பார், 5.9 என்பது 4 ஆகிவிடும். பகடையில் எதை ஒதுக்கினாலும் அதே 6தான், யோசிக்க ஒன்றுமில்லை. தாண்டி விழுந்தாலும் பரமபதம்தான் என்று தளர்த்திவிட்டால், கடைசிக் கட்டத்தில் நிற்பவர் ஒரே உருட்டலில் போய்ச் சேர்ந்துவிடுவார். விடியும்வரை விழித்திருக்க வேறு வேலைதான் தேட வேண்டும்.

ஆகவே ஏகாதசி ராத்திரி காய் வைக்கும் முன்பே மூன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: இறங்கத் தாயம் வேண்டுமா, எண்ணை ஒதுக்கலாமா, கடைசியில் சரியாக விழ வேண்டுமா. பகடையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு, பரணில் கிடக்கும் பித்தளைக் கட்டையைப் புளி போட்டுத் தேய்த்து எடுங்கள்.