விலைப்பலகை சொல்லாத விலை உயர்வு

சித்தூர், திருப்பதி வாகன ஓட்டிகள் பலர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பெட்ரோல் நிரப்புவது லிட்டர் விலையை ஒப்பிட்டுத்தான். ஆனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு லிட்டர் விலை மட்டுமே அளவுகோலாகாது. எத்தனாலின் எரிசக்தி, லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜும் குறையும். 10 சதவீதக் கலப்புக்கேற்பச் சீரமைக்கப்பட்ட இருசக்கர வாகனங்களில் இக்குறைவு 3 முதல் 4 சதவீதம் என நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது.

லிட்டர் 109 ரூபாய், மைலேஜ் 50 கிலோமீட்டர் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 2.18 ரூபாய் செலவாகும். மைலேஜ் 4 சதவீதம் குறைந்து 48 ஆனால், செலவு 2.27 ரூபாய். விலைப்பலகை மாறாமலே விலை உயர்ந்துவிடுகிறது! பழைய செலவே நீடிக்க, லிட்டர் விலை 4.36 ரூபாய் குறைய வேண்டும்.

எரிசக்தி இழப்பை ஈடுகட்டக் கலப்பு எரிபொருளின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு கலப்பை நிறைவேற்றியது, விலைக்குறைப்பை நிறைவேற்றவில்லை. டாங்கை முழுதாக நிரப்பி ஓட்டி, மீண்டும் முழுதாக நிரப்பும்போது செலுத்தும் தொகையை ஓடிய தூரத்தால் வகுத்தால் உண்மை விலை தெரியும். நான்கைந்து முறை எடுத்த அந்தக் கணக்கே விலைக்குறைப்புக் கோரிக்கையின் அடிப்படையாகட்டும்.