இரண்டாவது கையொப்பம் இரண்டாவது கண் அல்ல

தவணைப் பரீட்சை முடிந்தால் நம் பாடசாலைகளில் நடப்பது நமக்கெல்லாம் தெரியும். பாட ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். புள்ளிகள் வகுப்பாசிரியரிடம் போகின்றன. அவர் புள்ளிப் பட்டியலில் பதிந்து, கூட்டி, சராசரி எடுத்து, நிலை போடுகிறார். பகுதித் தலைவர் கையொப்பமிடுகிறார். அதிபர் கையொப்பமிடுகிறார். தேர்ச்சி அறிக்கை வீட்டுக்குப் போகிறது.

நான்கு பேரின் கை பட்ட ஆவணம். ஆனால் ஒரு பிள்ளையின் விடைத்தாளில் உள்ள புள்ளியும் தேர்ச்சி அறிக்கையில் உள்ள புள்ளியும் ஒன்றுதானா என்று இந்த நால்வரில் பார்த்தவர் யார்? பெரும்பாலான இடங்களில் ஒருவரும் இல்லை. பதிந்தவர் பதிந்தார். மற்றவர்கள் பதிந்ததற்குக் கீழே கையொப்பமிட்டார்கள்.

இதைத்தான் நாங்கள் "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிக் கொண்டிருக்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்களே இதைப் பேசாவிட்டால் வேறு யாரும் பேசப் போவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தரம் 9 வகுப்பொன்று, இடாப்பில் 38 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞானப் பரீட்சை அன்று 14ஆம் இலக்கப் பிள்ளை வரவில்லை. ஆகவே 37 விடைத்தாள்கள், இடாப்பு ஒழுங்கில் அடுக்கியிருக்கின்றன. ஒரு ஆசிரியர் தாளைப் பார்த்துப் புள்ளியை மட்டும் வாசிக்கிறார்: "ஐம்பத்து நான்கு, அறுபத்தொன்று, நாற்பத்தேழு..." மற்றவர் பட்டியலில் எழுதிக்கொண்டே போகிறார். பெயரும் இலக்கமும் சொல்லப்படுவதில்லை. 14ஆம் பிள்ளைக்குத் தாள் இல்லை என்பதும் சொல்லப்படவில்லை.

என்ன நடக்கும்? 14க்கு நேரே 15இன் புள்ளி விழும். 15க்கு நேரே 16இன் புள்ளி. இப்படியே 37 வரை. கடைசியில் 38ஆம் பிள்ளையின் கட்டம் வெறுமையாக நிற்கும். எழுதுபவர் என்ன நினைப்பார்? "ஒரு பிள்ளை வரவில்லைதானே, அது 38ஆக இருக்கும்" என்று அதில் 'வரவில்லை' போட்டு மூடிவிடுவார்.

இப்போது சரிபாருங்கள். தாள்கள் 37, புள்ளிகள் 37. கூட்டுத்தொகை சரி. வகுப்புச் சராசரி சரி. அதிகூடிய புள்ளி, அதிகுறைந்த புள்ளி, சித்தியடைந்தோர் தொகை எல்லாமே சரி. பகுதித் தலைவர் எவ்வளவு நேர்மையாகக் கூட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரிய வராது. ஆனால் பட்டியலில் 25 வரிகள் பிழை. பக்கத்துப் பிள்ளைக்கும் அதே புள்ளி வந்தவர்கள் மட்டுமே தப்பியிருப்பார்கள். பரீட்சைக்கே வராத பிள்ளைக்குப் புள்ளி இருக்கிறது. கஷ்டப்பட்டு எழுதிய 38ஆம் பிள்ளை 'வரவில்லை'.

இந்தப் பிழையைப் பட்டியலை எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் பிடிக்க முடியாது. ஏனென்றால் பிழை பட்டியலுக்குள் இல்லை. பட்டியலுக்கும் தாளுக்கும் இடையில் இருக்கிறது. இரண்டாமவர் தாளைக் கையில் எடுக்க வேண்டும். அல்லது பரீட்சை நாள் வரவைக் கையில் எடுத்து, 'வரவில்லை' என்ற பிள்ளைதான் உண்மையில் வராத பிள்ளையா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே 25 வரிகளையும் காப்பாற்றியிருக்கும்.

எதிர்மாறான பிழையும் உண்டு. 67ஐ 76 என்று எழுதுவது. இங்கே கூட்டுத்தொகை உதவும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பாட ஆசிரியர் தாள்களிலிருந்து ஒரு கூட்டுத்தொகையும், வகுப்பாசிரியர் பட்டியலிலிருந்து ஒரு கூட்டுத்தொகையும் தனித்தனியே எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராமல், வித்தியாசம் 9ஆலோ 18ஆலோ 27ஆலோ இருந்தால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இலக்கம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் வரும். பழைய கணக்காளர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. ஆனால் வகுப்பாசிரியரின் கூட்டுத்தொகையையே பாட ஆசிரியர் பார்த்து "சரி" என்றால் அங்கே இரண்டு கூட்டுத்தொகை இல்லை, ஒன்றுதான் இருக்கிறது.

விசயத்தின் மையம் இங்கேதான். இரண்டாவது ஆள் இருப்பது முக்கியமல்ல, அவர் தானாகப் பார்ப்பதுதான் முக்கியம். நல்ல கவனமுள்ள ஒருவர் 20 பிழைகளில் ஒன்றைத் தவறவிடுவார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 400 பிழைகள் அவர் கையால் போனால் 20 மிஞ்சும். அதே கவனமுள்ள இன்னொருவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் மூலத்திலிருந்து பார்த்தால் அந்த 20இல் 19ஐப் பிடிப்பார். மிஞ்சுவது ஒன்று. ஆனால் இரண்டாமவர் "அவர் நல்ல கவனமான ஆள்தானே" என்று கண்ணோட்டம் விட்டுக் கையொப்பமிட்டால் மிஞ்சுவது அதே 20. இன்னும் மோசமாகவும் போகலாம். "எப்படியும் பகுதித் தலைவர் பார்ப்பார்" என்று முதலாமவர் அவசரப்படுவார். "வகுப்பாசிரியர் பார்த்திருப்பார்" என்று பகுதித் தலைவர் அவசரப்படுவார். இருவரும் ஒருவரில் ஒருவர் சாய்ந்து நிற்க, சுவரே இல்லாமல் போய்விடும்.

க.பொ.த. விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போன எங்கள் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. அங்கே உப பகுதிகளின் புள்ளி முக்கோணத்துக்குள், வினாவின் மொத்தம் சதுரத்துக்குள். உதவிப் பரீட்சகருக்குச் சிவப்புப் பேனை, பிரதம பரீட்சகருக்கு வேறு நிறப் பேனை. பிழையாக எழுதிய இலக்கத்தை ஒரே கோட்டால் வெட்டி ஒப்பமிட வேண்டும். ஏன் இத்தனை? யார் எதைப் பார்த்தார், யார் எதை மாற்றினார் என்று தாளே சொல்ல வேண்டும் என்பதற்காக. லீவு நாட்களில் அங்கே போய் இப்படி வேலை செய்துவிட்டு வரும் நாங்களே, நம் பாடசாலைப் பிள்ளைகளின் புள்ளி என்றால் மட்டும் ஏன் கண்ணை மூடிக் கையொப்பமிடுகிறோம்?

"தவணைப் பரீட்சைதானே" என்பார்கள். தரம் 9 முடிவில் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யும்போது எந்தப் புள்ளியைப் பார்க்கிறோம்? பிள்ளைக்கு இந்தப் பாடம் சரிவராது என்று பெற்றோருக்குச் சொல்லும்போது எந்தத் தாளைக் காட்டுகிறோம்? அந்தப் பட்டியலைத்தானே.

"நேரம் இல்லை" என்பார்கள். எண்ணிப் பார்ப்போம். 38 பிள்ளைகள், 9 பாடங்கள், 342 பதிவுகள். ஒருவர் தாளிலிருந்து இலக்கத்தையும் பெயரையும் புள்ளியையும் வாசிக்க, மற்றவர் பட்டியலில் பார்த்து "சரி" சொல்ல, ஒன்றுக்கு 5 செக்கன் என்றாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். தாள் புரட்டும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பாடவேளை. ஒரு தவணைக்கு ஒரு பாடவேளை இல்லையா?

"என்னில் நம்பிக்கை இல்லையா?" என்பதுதான் உண்மையில் கடினமான கேள்வி. நம் ஸ்டாஃப் ரூம்களில் மூத்த ஆசிரியரின் பட்டியலை இளையவர் திருப்பிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. ஆகவே பார்ப்பதே இல்லை. இதற்கு ஒரே வழி, ஆளைப் பார்த்துச் சரிபார்க்காமல் இருப்பதுதான். எல்லோருடைய பட்டியலும், அதிபர் பதிந்தாலும், இன்னொருவர் கையால் போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாரும் சந்தேகத்துக்கு ஆளாவதில்லை.

எக்செல் வந்த பிறகு பிழையே வராது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒன்பது பாடங்கள் C முதல் K வரை இருக்க, யாரோ ஒருவர் இப்படி எழுதி 38 வரிக்கும் இழுத்துவிட்டால்:

```
=SUM(C4:J4)
```

கடைசிப் பாடம் எவருக்கும் சேராது, கணனி அதைத் தடுக்கவும் மாட்டாது. அதேபோல `AVERAGE` வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது. இரண்டு பாடம் எழுதாத பிள்ளைக்கு ஏழு பாடத்தின் சராசரி வந்து, ஒன்பதும் எழுதிய பிள்ளைக்கு மேலே நிலை கிடைக்கலாம். இரண்டாமவர் ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக் கையால் கூட்டிப் பார்த்தால் முதலாவது பிடிபடும். வராத பிள்ளை ஒன்றை எடுத்துப் பார்த்தால் இரண்டாவதும் பிடிபடும்.

நான்கு கண் எல்லாவற்றையும் பிடிக்கும் என்றும் சொல்ல வரவில்லை. பல்தேர்வு வினாவின் விடைப்பட்டியலில் 17ஆவது விடை பிழையென்றால், அதே பட்டியலை வைத்து இருவர் திருத்தினாலும் இருவரும் ஒரே பிழையைத்தான் செய்வார்கள். அதற்கு இரண்டாமவர் விடைப்பட்டியலைப் பார்க்காமல் வினாத்தாளைத் தானே செய்து பார்த்திருக்க வேண்டும். கட்டுரைப் புள்ளியும் அப்படித்தான். ஓரத்தில் 12 என்று சிவப்பில் இருந்தால் இரண்டாமவரின் பேனை 11க்கும் 13க்கும் இடையில்தான் சுற்றும். முதல் புள்ளியை மறைத்துக் கொடுத்தால்தான் அது இரண்டாவது அபிப்பிராயம்.

இறுதியாக ஒரு கசப்பான உண்மை. இப்போது நம் பாடசாலைகளில் இரண்டாவது சரிபார்ப்பு நடக்காமல் இல்லை. அதைப் பிள்ளைகள் செய்கிறார்கள். "சேர், தாளில எனக்கு 71, ரிப்போர்ட்ல 58" என்று வந்து நிற்கும் பிள்ளைதான் நமது சரிபார்ப்பாளர். வாயுள்ள பிள்ளைக்கு, வந்து கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு, புள்ளி திருத்தப்படுகிறது. பயந்த பிள்ளைக்கு, உம்மாவும் வாப்பாவும் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைக்கு, பிழையான புள்ளியே அவனுடைய புள்ளியாகிவிடுகிறது. அதிகமாகப் புள்ளி விழுந்த பிள்ளை எப்படியும் வந்து சொல்லப் போவதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய சுற்றுநிருபம் அல்ல. இந்தத் தவணையிலிருந்து, அறிக்கை அச்சாகும் முன், பதியாத ஒருவர் தாளைக் கையில் எடுத்துப் பெயரோடு வாசிக்கட்டும். வராதவர்களைப் பரீட்சை நாள் வரவோடு ஒப்பிடட்டும். மாற்றியதை ஒரே கோட்டால் வெட்டி ஒப்பமிடட்டும். அதன் பிறகு பகுதித் தலைவர் கையொப்பமிடட்டும். பார்க்காத எவரும் தயவுசெய்து கையொப்பமிட வேண்டாம். வெறுமையான இடம் "இன்னும் பார்க்கவில்லை" என்ற உண்மையையாவது சொல்லும்.