பலிப்பது கனவல்ல, சொல்லின் நெகிழ்வு

"கனவில் வெள்ளம் கண்டால் நெருங்கியவர் ஒருவரால் மனவருத்தம் வரும், பின்னர் அது நன்மையில் முடியும்." ஹைதராபாத்தின் ஆய்வு மாணவர் விடுதிகளிலும் இத்தகைய பலனைக் கேட்டு, 'என்னைப் பற்றியே சொன்னதுபோல் இருக்கிறது' என வியப்போர் உண்டு. அவ்வியப்பைச் சான்றாகக் கொள்வதே பிழை.

'நெருங்கியவர்' தாயா, நண்பரா, நெறியாளரா? 'பின்னர்' என்பது நாளையா, பத்தாண்டு கழித்தா? இவ்வெற்றிடங்களைக் கேட்பவரே தம் நினைவிலிருந்து நிரப்புகிறார். ஆதலால் பொருத்தம் தவறுவதில்லை. பலன் சொல்பவர் எதையும் அறிந்திருக்க வேண்டியதுமில்லை.

1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு நடத்தி, ஒரு வாரம் கழித்துத் 'தனித்தனி' மதிப்பீடுகளை அளித்தார். அவற்றின் பொருத்தத்துக்கு அவர்கள் வழங்கிய சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. அனைவருக்கும் தரப்பட்டதோ ஒரே வாசகம். அதுவும் பெரும்பாலும் கடையில் விற்ற சோதிட நூலிலிருந்து எடுத்தது.

ஆகவே 'எனக்குப் பொருந்தியதே' என்பது வாதமாகாது. பலரின் பலன்களைக் கலந்து, கனவைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை நீக்கித் தந்தால், தமக்குரியதை ஒருவர் இனங்காண்கிறாரா என்பதே கேள்வி. அச்சோதனைக்கு உடன்படாத பலனுக்கு அறிவின் பெயரால் பேச உரிமையில்லை.