தலைவியின் இரண்டு உரைகள்

எமது பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியன்று எங்கள் இல்லத் தலைவி இரண்டு தடவை பேசினார். முதலாவது உரையைப் பெற்றோர், ஆசிரியர்கள், பிரதம அதிதி என எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவதை எங்கள் கூடாரத்தில் இருந்தவர்கள் மாத்திரமே கேட்டோம். உண்மையான உரை அந்த இரண்டாவதுதான் என்பது என் கருத்து.

காலையில் ஒலிவாங்கியில் பேசியது ஒரு வாரமாக மனனம் செய்த உரை. வெற்றியும் தோல்வியும் சகஜம், முயற்சி திருவினையாக்கும், ஒற்றுமையே பலம் என்று அழகாகவே சொன்னார். பிழை எதுவுமில்லை. ஆனால் அந்த உரையை எந்த இல்லத்தின் தலைவியும் பேசியிருக்கலாம். ஐந்து நிமிடங்கள் வெயிலில் நின்று கேட்ட தரம் 6 பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்கள். கை தட்டினோம், கலைந்தோம்.

பிறகு 14 வயதுக்குட்பட்டோருக்கான அஞ்சலோட்டம் வந்தது. மூன்றாவது மாற்றத்தில் கோல் கீழே விழுந்தது. கொடுத்தவரும் வாங்க வந்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பின்னர் இருவரும் அழுதுகொண்டே தடத்தை விட்டு வெளியேறினார்கள். மற்ற மூன்று இல்லங்களும் ஓடி முடித்தன. நான்காவதாக வந்திருந்தாலும் 2 புள்ளிகள் கிடைத்திருக்கும். எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

கூடாரத்தில் அந்தத் தங்கச்சி தலை நிமிரவில்லை. சிலர் அவளுக்குக் கேட்கும்படியாகவே குறை சொன்னார்கள். அடுத்ததாக 16 வயதுக்குட்பட்டோரின் அஞ்சலோட்டம். அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அப்போதுதான் தலைவி எங்களை அழைத்து, வெயில் எங்கள் முதுகில் படும்படி இருத்தி, தான் வெயிலைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார்.

“கோல் விழுந்தது இவளுடைய பிழையில்லை. நாங்கள் ஓடிப் பழகினோம், கோல் மாற்றிப் பழகியது இரண்டே இரண்டு நாள்தான். அது என்னுடைய பிழை. கோல் விழுந்தால் யார் எடுக்க வேண்டும் என்பதையும் நான் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன். கோல் விழுந்தால் போட்டி முடிந்துவிடாது. விழுத்தியவரே எடுக்க வேண்டும். மற்றவருக்கு இடைஞ்சல் செய்யாமல் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.”

பிறகு ஓடப்போகும் நால்வரிடம் ஆளுக்கொரு வேலை சொன்னார். வாங்குபவர் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் பாதத்தால் அளந்து ஓர் அடையாளம் வைக்க வேண்டும். கோலுடன் வருபவர் அந்த அடையாளத்தைத் தொட்டதும், திரும்பிப் பார்க்காமல் ஓடத் தொடங்க வேண்டும். வருபவர் “கை” என்று குரல் கொடுத்த பின்னரே கையைப் பின்னால் நீட்ட வேண்டும். மாற்றும் வலயம் 30 மீற்றர். அதைத் தாண்டிக் கொடுத்தால் நீக்கிவிடுவார்கள். எனவே குரல் பிந்தக் கூடாது. மற்ற எங்களுக்கும் ஒரு வேலை தந்தார்: மாற்றம் நடக்கும் இடத்தில் கூச்சலிட வேண்டாம், அந்தக் குரல் கேட்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிடங்கள்கூட இல்லை. நால்வரும் உடலைச் சூடாக்கிக்கொள்ளப் போய்விட்டார்கள்.

அன்று நாங்கள் வென்றோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டாவது மாற்றத்தில் மீண்டும் கோல் நழுவியது. இம்முறை கொடுத்தவர் ஒரு கணமும் நிற்கவில்லை. குனிந்து எடுத்தார், கொடுத்தார். நான்காவது இடம், 2 புள்ளிகள். புள்ளிப் பட்டியலில் எங்கள் இடம் மாறவில்லை. ஆனால் யாரும் அழுதுகொண்டு தடத்தை விட்டு வெளியேறவில்லை. காலையில் கோலை விழுத்திய தங்கச்சிதான் கூடாரத்தில் முதலில் எழுந்து கை தட்டினாள்.

ஊக்கம் என்பது உரத்த குரலில் வருவதில்லை என்று அன்று எனக்கு விளங்கியது. பயந்திருப்பவருக்கு “பயப்படாதே” என்று சொல்வதால் பயம் போகாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் பாதி போய்விடும். தவறைத் தலைவி தன் தோளில் ஏற்றுக்கொண்டால் மீதியும் போகும்.

இதை வாசிக்கும் பெற்றோரிடமும் வருங்காலத் தலைவிகளிடமும் ஒரு வேண்டுகோள். மேடை உரையை வேறொருவர் எழுதி, பிள்ளை மனனம் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுவோம். தலைவி தன் அணியோடு பயிற்சியில் நிற்கட்டும். எந்த மாற்றம் பிந்துகிறது, யாருக்கு என்ன பயம் என்று பார்க்கட்டும். அதையே தன் வார்த்தையில், இரண்டு நிமிடங்களில் சொல்லட்டும். பிரதம அதிதிக்கு அது விளங்காமல் போகலாம். ஓடப்போகும் பிள்ளைக்கு விளங்கினால் போதும்.