சராசரி நல்லாதானே இருக்கு... அப்புறம் ஏன் கவுன்ட்டரில் சண்டை?

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். குரலே சரியில்லை.

மருத்துவமனை ஒன்றின் கம்ப்யூட்டர் சிஸ்டத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தில் அவள் வேலை பார்க்கிறாள். ரிசப்ஷன் கவுன்ட்டரில் நோயாளியின் பதிவு எண்ணைத் தட்டினால், அவருடைய விவரங்கள் திரையில் வர வேண்டும். அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று மாதாமாதம் மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்புவது அவள் பொறுப்பு.

"போன மாசம் சராசரி 0.92 விநாடி. இந்த மாசம் 0.77. மேனேஜர் சந்தோஷப்பட்டு டீமுக்கே பாராட்டு மெயில் அனுப்பிட்டார். அன்னிக்கு மதியமே ஆஸ்பத்திரியிலிருந்து போன். 'உங்க சிஸ்டம் முன்னைவிட மோசமாயிடுச்சு, கவுன்ட்டர்ல சண்டை நடக்குது'ன்னு கத்துறாங்க. யார் பொய் சொல்றாங்கன்னே தெரியலைடி" என்றாள்.

யாருமே பொய் சொல்லவில்லை. அவள் கணக்கும் சரி, அவர்கள் கோபமும் சரி. தவறு செய்தது 'சராசரி' என்ற அந்த ஒற்றை எண். எப்படி என்று பார்ப்போம். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

யாருமே காத்திருக்காத 0.92 விநாடி

அவளிடம் இருந்த பெரிய பட்டியலை, விகிதம் மாறாமல் 100 தட்டல்களாகச் சுருக்கிக்கொள்வோம். போன மாத நிலவரம் இது:

60 தட்டல்களுக்கு 0.4 விநாடியில் பதில் வந்தது.
30 தட்டல்களுக்கு 0.6 விநாடி.
7 தட்டல்களுக்கு 2 விநாடி.
3 தட்டல்களுக்கு 12 விநாடி.

எல்லாவற்றையும் கூட்டினால் 92 விநாடி. நூறால் வகுத்தால் 0.92. 'ஒரு விநாடிக்கும் குறைவு' என்று ரிப்போர்ட்டில் எழுத அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலை மறுபடியும் பாருங்கள். 0.92 விநாடி காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை! பெரும்பாலானவர்களுக்கு அதைவிட வேகமாகவே வந்திருக்கிறது. சிலருக்கு அதைவிடப் பல மடங்கு தாமதம். நடுவில் ஆளே இல்லாத இடத்தில் போய் சராசரி உட்கார்ந்திருக்கிறது.

சிஸ்டத்தின் வேகத்தை அளக்கும்போது இது அடிக்கடி நடக்கும். பதில் வர எடுக்கும் நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். அதனால் முக்கால்வாசி எண்கள் கீழே நெருக்கமாகக் குவிந்திருக்கும். மேலே ஒரு நீளமான வால் தொங்கும். மனிதர்களின் உயரத்தைப் போல நடுவில் கூடி இருபுறமும் சீராகக் குறையும் விஷயம் அல்ல இது.

சராசரி குறைந்தது, கஷ்டம் கூடியது

இப்போது இந்த மாதப் பட்டியல். டீம் நடுவில் ஒரு வேலை செய்திருந்தது. சமீபத்தில் திறந்த பதிவுகளை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் 'கேஷ்' ஒன்றைப் போட்டார்கள். பலன் உடனே தெரிந்தது.

60 தட்டல்கள் 0.4-லிருந்து 0.2 விநாடிக்கு இறங்கின.
30 தட்டல்கள் 0.6-லிருந்து 0.3-க்கு.
7 தட்டல்கள் அதே 2 விநாடி.
3 தட்டல்கள் 12-லிருந்து 14 விநாடிக்கு ஏறின!

கூட்டினால் 77. சராசரி 0.77. முந்தைய மாதத்தைவிட 16 சதவிகிதம் முன்னேற்றம். பாராட்டு மெயில் வந்தது இதற்குத்தான்.

ஏற்கெனவே வேகமாக இருந்த 90 தட்டல்கள் இன்னும் வேகமாகின. உண்மையில் அவதிப்பட்டவர்களுக்கு நிலைமை மோசமானது. இந்த மாதத்தின் மொத்த 77 விநாடிக் காத்திருப்பில் 42 விநாடி, அதாவது பாதிக்கும் மேல், அந்த மூன்று தட்டல்களுடையது. சராசரி இதைச் சொல்லவே இல்லை.

ஏன் 14 ஆனது? கேஷுக்கு ஒதுக்கிய மெமரி, அதே கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் பயன்படுத்திக்கொண்டிருந்த மெமரி. அது குறைந்ததும் கனமான பதிவுகளை ஒவ்வொரு முறையும் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டியதாகிவிட்டது.

வரிசையில் நிற்க வையுங்கள்

இதற்கு மாற்று, பெர்சென்டைல். ஜே.இ.இ. ரிசல்ட்டில் பார்த்திருப்பீர்கள். 100 தட்டல்களையும் குறைந்த நேரத்திலிருந்து கூடிய நேரம் வரை வரிசையில் நிற்க வைக்க வேண்டும். 50-வது இடத்தில் நிற்பதுதான் p50. 95-வது இடத்தில் நிற்பது p95. 99-வது இடத்தில் நிற்பது p99. ஒரே ஒரு எச்சரிக்கை... பரீட்சையில் 99 பெர்சென்டைல் என்றால் இனிப்பு கொடுப்போம். இங்கே அது வரிசையின் மெதுவான கடைசிப் பகுதி.

எக்ஸெல்லில் நேரங்கள் A2 முதல் A101 வரை இருந்தால் இவ்வளவுதான்:

```
=PERCENTILE.INC(A2:A101, 0.95)
```

இப்படிப் பார்த்தால் கதை மாறுகிறது. p50 என்பது 0.4-லிருந்து 0.2 ஆனது. நல்ல செய்தி. p95 அதே 2 விநாடி. மாற்றமில்லை. p99 என்பது 12-லிருந்து 14 ஆனது. கெட்ட செய்தி. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் பாராட்டு மெயிலும், கோபமான போனும் ஒரே பட்டியலிலிருந்து வந்தவை என்று மேனேஜருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்.

"நூத்துல மூணுதானே?"

மேனேஜர்கள் அடுத்துக் கேட்பது இதுதான். தோழியும் அதையே சொன்னாள். "அந்த மூணு பேரு யாருன்னு பார்த்தியா?" என்று கேட்டேன். பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டாள்.

பெரும்பாலும் டயாலிசிஸ் நோயாளிகள். பல வருடச் சர்க்கரை நோயாளிகள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறவர்களின் ஃபைல்தானே கனமாக இருக்கும்? ஆயிரக்கணக்கான ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் சிஸ்டம் மொத்தமாக இழுத்து வந்தது. காய்ச்சலுக்கு முதல் தடவை வந்தவருக்கு 0.2 விநாடி. அடிக்கடி வருகிறவருக்கு, அதிகம் முடியாதவருக்கு, ஒவ்வொரு முறையும் 14 விநாடி!

அந்த 14 விநாடியும் 14-உடன் நிற்கவில்லை. திரை உறைந்துவிட்டதென்று கவுன்ட்டரில் இருப்பவர் மறுபடியும் தட்டுவார். அதே கனமான பதிவை சிஸ்டம் இரண்டாவது முறை தேடத் தொடங்கும். பின்னால் வரிசை நீளும். ஒரு நாளைக்கு 4,000 தட்டல்கள் என்றால், நூற்றுக்கு மூன்று என்பது 120 முறை.

இதை அமேசான் எப்போதோ கண்டுகொண்டது. தங்கள் 'டைனமோ' சிஸ்டம் பற்றி அதன் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சராசரியை நம்பாமல் 99.9 பெர்சென்டைலை அளப்பதாக எழுதினார்கள். பழைய வாடிக்கையாளர்களின் நீண்ட வரலாற்றுக்குக் கூடுதல் வேலை தேவைப்படும், சராசரியை மட்டும் பார்த்தால் அவர்கள் விடுபட்டுவிடுவார்கள் என்பதே காரணம். 99.9-க்கும் மேலே ஏன் போகவில்லை என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. அதற்கு மேல் சரிசெய்ய ஆகும் செலவு மிக அதிகம். எனவே எந்த பெர்சென்டைல் என்பது, யாரை விட்டுவிடக் கூடாது, எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற இரண்டையும் வைத்து எடுக்கும் முடிவு.

பெர்சென்டைலும் ஏமாற்றும்

மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பெர்சென்டைல்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. மெயின் மருத்துவமனையில் 900 தட்டல்கள், p95 ஒரு விநாடி. கிளையில் 100 தட்டல்கள், p95 ஒன்பது விநாடி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 'மொத்த p95 ஐந்து விநாடி' என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 1,000 தட்டல்களையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து 950-வதைப் பார்க்க வேண்டும். தினசரி p95-களைக் கூட்டி மாத p95 போடுவதும் இதே தவறுதான்.

இரண்டாவது, தோல்விகள். 30 விநாடியில் பதில் வராமல் அறுந்துபோன தட்டல்கள் பட்டியலிலேயே சேரவில்லை என்றால், p99 அழகாகத் தெரியும். மிக மோசமானவர்களை வரிசையிலிருந்தே வெளியேற்றிவிட்டோமே! 'எரர்' என்று உடனே முகத்தில் அடித்த பதில்களோ, வேகமான பதில்களாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் தோல்விகள் எத்தனை என்பதைத் தனி வரியாகக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. 100 தட்டல்களை மட்டும் வைத்து p99 பார்த்தால், கடைசி ஒன்றிரண்டு தட்டல்கள்தான் அதைத் தீர்மானிக்கும். நாம் புரிந்துகொள்ள 100 போதும். ரிப்போர்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் தேவை.

மேனேஜர் கேட்ட கேள்வி

தோழி ரிப்போர்ட்டை மாற்றி எழுதினாள். 'p99' என்ற வார்த்தையைக்கூடப் போடவில்லை. மாதிரிக்கு அதன் வரிகள்:

'100 தட்டல்களில் 50-க்கு 0.2 விநாடிக்குள் பதில் வருகிறது (போன மாதம் 0.4). 95-க்கு 2 விநாடிக்குள் (மாற்றமில்லை). 99-க்கு 14 விநாடிக்குள் (போன மாதம் 12). பதிலே வராமல் அறுந்தவை தனியே.'

மேனேஜர் மூன்றாவது எண்ணில் விரலை வைத்துக் கேட்டாராம்: "இந்த 14 விநாடி யாருக்கு?"

சராசரியைப் பார்த்து இதுவரை அவர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. இப்போது கடைசி ஆறு மாத விவரங்களை மட்டும் முதலில் காட்டி, பழையவற்றைக் கேட்டால் மட்டும் எடுத்து வரும்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் சராசரி என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதை யார் பார்க்கப் போறா? 99-வதா நிக்கிற அந்தப் பாட்டிக்கு எத்தனை விநாடின்னுதான் பார்க்கணும்" என்றாள்.