புரோத்தன் சுருங்கியது பொய்யா?

கடந்த வாரம் நம்ம வலப்பனை வாட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு குரல்பதிவு சுற்றியது. "புரோத்தனின் அளவையே 2010இல் மாற்றினார்கள், இவர்களை நம்பியா பிள்ளைகளை விஞ்ஞானப் பிரிவுக்கு அனுப்புவது?" என்று கேட்கிறார் ஒருவர். அதைக் கேட்டுவிட்டு உயர்தரத்தில் பௌதிகவியல் வேண்டாமென்று மகளிடம் சொல்லிவிட்டதாக ஒரு தகப்பனார் எங்களிடம் வந்தார். எங்களுக்குக் கோபம்தான் வந்தது. அதனால் எழுதுகிறோம்.

அளவு மாறியது உண்மைதான். எப்படி மாறியது என்பதைத்தான் அந்தக் குரல் சொல்லவில்லை.

ஐதரசன் அணுவில் ஒரு புரோத்தனும் ஓர் இலத்திரனும் உண்டு. இலத்திரன் வெகு தூரத்தில் இருப்பதால் புரோத்தனின் பருமன் அதற்குப் பெரிதாகத் தெரியாது. மியூவோன் என்பது இலத்திரனின் உறவுக்காரன், ஆனால் 207 மடங்கு பாரம். (வானிலிருந்து நம் உள்ளங்கையில் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று விழுகிறது, நுவரெலியா உயரத்தில் இன்னும் கூட.) இலத்திரனின் இடத்தில் மியூவோனை வைத்தால் அது கருவுக்கு ஏறத்தாழ 200 மடங்கு நெருங்கிச் சுற்றும். புரோத்தனுக்குள்ளேயே அது இருக்கும் வாய்ப்பு பல இலட்சம் மடங்கு கூடும். உள்ளே நுழைந்தால் இழுவை குறையும், அதனால் சக்திமட்டம் சற்று நகரும். அந்த நகர்வை அளந்தால் புரோத்தனின் ஆரை கிடைக்கும்.

சிக்கல், மியூவோன் சராசரியாக ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு நேரமே வாழும். சுவிட்சர்லாந்தின் பவுல் ஷெரர் நிறுவகத்தில் ரண்டொல்ஃப் போல் குழுவினர் அதற்குள் லேசரை அடித்து, மியூவோன் மட்டம் தாண்டுகிறதா என்று எக்ஸ் கதிரைக் கொண்டு பார்த்தார்கள். பழைய அளவு சொன்ன இடத்தில் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. பல வருடம் வீணானது போல இருந்தது. 2009இல் தேடும் எல்லையை விரித்தபோது சமிக்ஞை வேறிடத்தில் கிடைத்தது. பழைய ஆரை 0.877 பெம்டோமீற்றர், புதியது 0.842. நான்கு சதவீத வித்தியாசம். (பெம்டோமீற்றர் என்பது ஒரு மீற்றரில் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.)

பொய்யர்கள் என்றால் பழைய எண்ணோடு ஒத்துப்போகும்படி முடிவை ஒட்டவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்களோ ஒவ்வாத எண்ணை 2010இல் அச்சில் போட்டார்கள். உலகமே சந்தேகப்பட்டது, புதுவிதி ஏதும் இருக்குமோ என்றும் கேட்டது. 2019இல் கனடாவின் யோர்க் பல்கலைக்கழகம் சாதாரண ஐதரசனில் அளந்தபோது 0.833 வந்தது. அமெரிக்காவில் இலத்திரன்களைச் சிதறடித்து அளந்தவர்களுக்கு 0.831. இரண்டும் சிறிய புரோத்தனின் பக்கம். ஆனால் 2018இல் பாரிஸ் குழுவொன்று மீண்டும் பெரிய எண்ணையே பெற்றது. அந்த முடிச்சை எல்லோரும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள்.

குரல்பதிவுக்காரர் இதில் எந்தப் பகுதியை மோசடி என்கிறார்? தகப்பனாரிடம் இதே கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினோம். மகளும் பக்கத்தில் இருந்தாள். "மியூவோன் செத்துப்போவதற்குள் லேசர் எப்படி சேர்?" என்று அவள்தான் கேட்டாள்.